நகையும் பெருமிதமும்

நுழையும்முன்

மேடையில் ஒருவரைப் புகழ்வது எளிது. அவர் முகம் சுருங்காமல் புகழ்வது அரிது. அதிலும் பெற்ற தாயைப் பற்றி, அவர் எதிரில் அமர்ந்திருக்க, உற்றார் நிறைந்த அவையில் பேசுவது மிகக் கடினமான பேச்சுகளுள் ஒன்று. தாயின் ஈகத்தைச் சொல்லாமல் விட்டால் உரை வெறுமையாகும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அவர் மறைத்துக் காத்த துன்பம் ஊரார் பேச்சாகிவிடும். இவ்விரண்டிற்கும் இடையில் நகைச்சுவை எவ்வாறு பாலமாகிறது என்பதை, ஒரு மகன் தன் தாயின் அறுபதாம் பிறந்தநாளுக்கு உரை எழுதித் திருத்திய முறையை மாதிரியாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது. மாதிரியில் வரும் குடும்பம் பாடத்திற்காகப் படைக்கப்பட்டது.

அறுபதின் சிறப்பு

தமிழர் வழங்கும் ஆண்டுப் பெயர்கள் அறுபது. பிரபவ முதல் அட்சய வரையுள்ள அப்பெயர்கள் முடிந்ததும் வட்டம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே, அறுபது ஆண்டுகளை நிறைவு செய்தவர் தாம் பிறந்த ஆண்டின் பெயர் மீண்டும் வரக் காண்கிறார். 1965ஆம் ஆண்டு ஆவணியில், விசுவாவசு ஆண்டில் பிறந்த ஒருவருக்கு, 2025ஆம் ஆண்டு ஆவணியில் அதே விசுவாவசு திரும்பி வந்தது.

இந்நிறைவை மணிவிழாவாகக் கொண்டாடுவது வழக்கம். ஆயினும் மணிவிழா பெரும்பாலும் கணவரின் வயதைக் கணக்கிட்டே நடைபெறுகிறது. மனைவி அவ்விழாவில் உடன் அமர்கிறார். மனைவிக்கே அறுபது நிறையும் நாள் பல வீடுகளில் பேசப்படாமல் கடந்துபோகும். அந்த நாளைப் பிள்ளைகள் கொண்டாட முன்வரும்போது, அதற்கெனத் தொன்றுதொட்டு வரும் சடங்கு ஏதும் இருப்பதில்லை. மாலை வேளையில் சிறு கூடம், நெருங்கிய உறவினர், விருந்து, பிள்ளைகள் பேசும் நான்கு சொற்கள் என்ற அளவிலேயே விழா அமைகிறது. எனவே அந்த நான்கு சொற்களின் மேல்தான் விழாவின் முழுச் சுமையும் விழுகிறது.

முதல் வரைவு

மாதிரியில் வரும் தாய், நூற்பாலைகள் நிறைந்த இராசபாளையத்தைச் சேர்ந்தவர். கணவர் பணிசெய்த ஆலை மூடப்பட்டபின், வீட்டுத் திண்ணையில் தையல் எந்திரத்தை வைத்துக்கொண்டு மகளையும் மகனையும் படிக்கவைத்தவர். மகனுக்கு இப்போது வயது முப்பத்தைந்து. தாயின் அறுபதாம் பிறந்தநாள் விழாவில் பேசுவதற்காக அவன் இரவெல்லாம் விழித்து ஓர் உரை எழுதினான். உரத்துப் படித்துப் பார்த்தபோது அது பத்து நிமிடத்தைத் தாண்டியது.

அந்த வரைவில் ஐந்து செய்திகள் முதன்மையாக இருந்தன. தந்தை வேலையின்றி இருந்த இரண்டு ஆண்டுகளும் தாய் ஒருவரே குடும்பத்தைத் தாங்கினார் என்பது ஒன்று. கல்லூரிக் கட்டணத்திற்காகத் தாய் தம் சங்கிலியை அடகு வைத்தார் என்பது மற்றொன்று. பல இரவுகள் பட்டினி கிடந்தார் என்பது மூன்றாவது. சென்னையில் ஒரு கடைக்கு அழைத்துச் சென்றபோது நகரும் படிக்கட்டில் ஏற அஞ்சிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார் என்பது சிரிப்பிற்காகச் சேர்த்த நான்காவது. பிள்ளைகளுக்குத் தைத்த உடைகளைப் பற்றியது ஐந்தாவது.

எழுதியதை அவன் முதலில் தன் அக்காளிடம் படித்துக் காட்டினான். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "சங்கிலி விவரம் அத்தைக்கு இன்றுவரை தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அம்மா ஆறு மாதம் மஞ்சள் கயிற்றோடு இருந்துகொண்டு, சங்கிலியைப் பழுது பார்க்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். முதல் வரிசையில் அத்தை உட்கார்ந்திருப்பார்களே, என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டார்.

மகனிடம் விடை இல்லை. சொன்ன செய்திகள் அனைத்தும் உண்மை. சொன்ன நோக்கமும் நல்லது. ஆயினும் அந்த உரை அவையில் ஒலித்திருந்தால், அன்று மிகுதியாகத் துன்புற்றிருப்பவர் விழாவுக்குரியவரே. பிழை எங்கே என்பதைக் காணத் தமிழின் பழைய இலக்கணம் ஒன்று துணைசெய்கிறது.

மெய்ப்பாட்டியல் காட்டும் வழி

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்பட்டுக் காண்போரால் உணரப்படுவதே மெய்ப்பாடு. அது எட்டு வகைப்படும் என்று கூறும் தொல்காப்பியர், ஒவ்வொன்றும் எந்த எந்த நிலைக்களன்களில் பிறக்கும் என்பதையும் நான்கு நான்காக வகுத்துரைக்கிறார். ஓர் உரையாசிரியர் செய்யுளை ஆராயப் பயன்படுத்தும் இந்தப் பகுப்பு, ஒரு பேச்சாளர் தம் உரையை ஆராயவும் பயன்படும். இங்கு வேண்டப்படுவன மூன்று மெய்ப்பாடுகளே.

முதலாவது இளிவரல். தன்னைத் தாழ்வாக உணரச் செய்யும் இம்மெய்ப்பாடு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கில் பிறக்கும். மென்மை என்பது இங்கு வலிமையின்மை. அறுபதாம் பிறந்தநாள் உரைகள் பலவும் தடுமாறும் இடங்கள் இந்நான்குமே. நரைத்த தலை, மூட்டுவலி, பட்ட கடன், படிக்கட்டில் தோன்றிய அச்சம் ஆகியவற்றைப் பேசுவோர் அன்போடுதான் பேசுகின்றனர். ஆனால் கேட்பவரின் உள்ளத்தில் எழுவது இரக்கம். பேசப்படுபவரின் உள்ளத்தில் எழுவது இளிவரல்.

இரண்டாவது பெருமிதம். இது கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கில் பிறக்கும். தாய் தம் பங்கைப் பிள்ளைக்குத் தந்தது கொடை. ஊர் உறங்கியபின் எந்திரத்தின் முன் அமர்ந்தது தறுகண். ஒரே நிகழ்ச்சியை இரண்டு வகையாகவும் சொல்லலாம். 'அம்மா பட்டினி கிடந்தார்' என்றால் அது வருத்தத்தின்பாற்பட்டு இளிவரலாகிறது; 'அம்மா தம் பங்கை எனக்குத் தந்தார்' என்றால் அது கொடையின்பாற்பட்டுப் பெருமிதமாகிறது. நிகழ்ச்சி மாறவில்லை, தாய் துன்பத்தை ஏற்றவராக நின்ற இடத்தில், ஒன்றைச் செய்தவராக நிற்கிறார். முன்னதில் அவருக்கு ஏதோ நேர்கிறது. பின்னதில் அவரே முடிவெடுக்கிறார்.

மூன்றாவது நகை. இது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கில் பிறக்கும். எள்ளல் இருவகைப்படும் என்று பேராசிரியர் உரை விளக்குகிறது. தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுவது மற்றொன்று. தாயை நோக்கி நகுவதும் தன்னை நோக்கி நகுவதும் ஒரே சொற்களால் நிகழலாம். ஆனால் அவையில் அவற்றின் விளைவு வேறு.

நகை எவர்மேல் விழுகிறது?

இந்த அளவுகோலோடு மகன் தன் வரைவை மீண்டும் படித்தான். படிக்கட்டுச் செய்தியில் நகை தாயின்மேல் விழுந்தது. அவர் ஊருக்குப் புதியவர், அக்கருவியை அறியாதவர் என்பதே அதன் சிரிப்பு. அவை சிரிக்கும்; தாயும் உடன் சிரிப்பார். ஆனால் அது ஒருவர் தம்மைக் காத்துக்கொள்வதற்காகச் சிரிக்கும் சிரிப்பு. அதனால் அப்பகுதி நீக்கப்பட்டது.

பின் நகைக்கு வேறிடம் எங்கே உண்டு? மகனின் இளமையும் மடனும் இருந்தன. கேட்டதை ஆராயாமல் மெய்யென்று கொள்வதே மடன். தாய்மார் தம் ஈகத்தை மறைப்பதற்குச் சொல்லும் சிறு பொய்களை அப்படியே நம்பிய பிள்ளையைவிடச் சிறந்த நகைப்பொருள் வேறில்லை. அந்தச் சிரிப்பில் தாய் அறிவுடையவராகவும், பேசுபவன் ஏமாந்தவனாகவும் நிற்பர். அவன் ஏமாந்தது எதில் என்று கேட்பவர் எண்ணத் தொடங்கும்போது, தாயின் ஈகம் சொல்லப்படாமலே விளங்கிவிடும். இவ்வகை உரைக்கு நகைச்சுவை வெறும் அணியாக நில்லாமல் உறுப்பாகவே அமைவது இதனால்தான்.

எந்தக் கதையைச் சொல்லலாம் என்பதற்கு மகனும் அக்காளும் எளிய வரையறை ஒன்றைக் கண்டனர். தாயே பலர் முன் சொல்லிச் சிரித்த கதை எதுவோ, அதைச் சொல்லலாம். தாய் இதுவரை எவரிடமும் சொல்லாத கதை, பிள்ளைக்குத் தெரிந்திருந்தாலும், தாய்க்கே உரியது. சங்கிலிக் கதை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது முழுவதும் நீக்கப்பட்டது. கடைசித் தோசைக் கதையைத் தாய் பேரப்பிள்ளைகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அது உரையில் இடம்பெற்றது.

அவையில் இருக்கும் மற்றொருவர்

ஒருவரின் ஈகத்தைச் சொல்லும்போது, 'அந்த ஈகம் ஏன் தேவைப்பட்டது?' என்னும் கேள்வி கேட்பவர் உள்ளத்தில் இயல்பாக எழும். அதற்கான விடை பல வேளைகளில் அதே அவையில் அமர்ந்திருக்கும். மகனின் முதல் வரைவில் தாயின் உழைப்பு உயர உயர, வேலையிழந்த தந்தை தாழ்ந்துகொண்டே போனார். அந்த இரண்டு ஆண்டுகளில் கணவரை எவரும் குறை சொல்ல இடந்தராதவர் தாய். அவர் காத்ததை அவர் விழாவிலேயே உடைப்பது அவரைச் சிறப்பிப்பது ஆகாது.

தந்தையைப் பேசாமல் விடுவதும் தீர்வன்று. விடுபட்ட இடமே பேசத் தொடங்கும். அந்நாளில் தந்தை உண்மையில் என்ன செய்தார் என்று நினைவுகூர்வதே தீர்வு. அவர் பொத்தான் தைத்தார். முடித்த துணிகளை மிதிவண்டியில் கொண்டுசேர்த்தார். உரையில் அவருக்குச் சில தொடர்கள் கிடைத்தன. அவையும் நகையோடு அமைந்தன. ஆனால் நகை அவர் கைவலிமையைப் பற்றியதாக இருந்தது.

விளிக்கும் முறை

மகன் வீட்டில் தாயை 'நீ' என்று அழைப்பவன். மேடையில் 'நீங்கள்' என்றால் அயன்மை தோன்றும். உறவினர் நிறைந்த அவையில் தொடக்கம் முதலே 'நீ' என்றால் பெரியோர்க்கு உறுத்தும். இதற்குத் தமிழ் தரும் வழி படர்க்கை. 'அம்மா தைத்தார்கள்', 'அம்மா சொன்னார்கள்' என்று அவையை நோக்கிப் பேசினால் மதிப்பும் குறையாது. தாயை நேரே பார்த்துப் பேசும் கூச்சமும் நேராது. இறுதித் தொடர்களில் மட்டும் படர்க்கையை விட்டு, தாயை நோக்கித் திரும்பி, வீட்டில் வழங்கும் 'நீ' என்னும் முன்னிலைக்கு வரலாம். அதுவரை அவைக்குரியதாக இருந்த பேச்சு, அந்த ஒரு சொல்லால் இருவருக்குரியதாக மாறிவிடும்.

திருத்திய உரை ஐந்து நிமிட அளவினதாக அமைந்தது. அது வருமாறு:

"அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு இன்று அறுபது வயது நிறைகிறது. என்னைப் பேசச் சொன்னபோது அம்மா ஒரே ஒரு கட்டளை இட்டார்கள்: 'சுருக்கமாகப் பேசு. தோசை ஆறிவிடும்.' எனவே மூன்று செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, என் பள்ளிச் சீருடை. ஆறாம் வகுப்பில் எனக்கு முதல் முழுக்காற்சட்டையை அம்மா தைத்தார்கள். கால் ஓரத்தில் நிறைய துணியை உள்ளே மடித்து வைத்துத் தைத்திருந்தார்கள். இடுப்பின் பின்தையலிலும் துணி விட்டிருந்தார்கள். ஒவ்வொரு சூன் மாதமும் ஓர் அங்குலம் பிரித்து விடுவார்கள். வெளியே இருந்த துணி வெயிலில் வெளுத்திருக்கும். உள்ளே மடிந்திருந்த துணி புதுநீலமாக இருக்கும். ஆகையால் ஆண்டுக்கு ஒரு நீல வளையம் என் காலில் ஏறும். வெட்டிய மரத்தின் வயதை வளையங்களை எண்ணிச் சொல்வார்கள் அல்லவா? எங்கள் ஆசிரியர் என் காலைப் பார்த்தே நான் எந்த வகுப்பு என்று சொல்லிவிடுவார். ஒன்பதாம் வகுப்பு முடியும்போது நான்கு வளையங்கள் இருந்தன.

இரண்டாவது, ஒரு புகைப்படம். தீபாவளி என்றால் எங்கள் திண்ணையில் ஊர்த்துணி எல்லாம் மலைபோல் குவிந்திருக்கும். சொன்ன நாளில் கொடுக்காமல் அம்மா ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. எல்லார் துணியும் முடிந்தபின்தான் எங்கள் துணி எந்திரத்தில் ஏறும். அப்போது தீபாவளி விடியற்காலை மணி நான்கு ஆகியிருக்கும். பொத்தான் தைக்கும் பொறுப்பு அப்பாவுடையது. அப்பா தைத்த பொத்தானின் உறுதியை இங்கே பலர் அறிவீர்கள். சட்டை கிழியும், பொத்தான் கழலாது. அன்று அப்பா கடைசித் துணிப்பையை மிதிவண்டியில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கொடுத்து வரப் போயிருந்தார். அந்த நேரத்தில் சித்தப்பா படம் எடுக்க வந்துவிட்டார். படத்தில் நான் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நிற்பேன். பார்த்தவர்கள் எல்லாம், 'பிள்ளைக்கு என்ன பணிவு!' என்று பாராட்டினார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தப் பாராட்டைப் பெற்றுவருகிறேன். இன்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டையில் பொத்தானே இல்லை.

மூன்றாவது, கடைசித் தோசை. மாவு தீர்ந்ததும் சட்டியில் சிறிது நீர் ஊற்றி அலசி வார்க்கும் தோசை ஒன்று உண்டு. அது கல்லோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது எப்போதும் அம்மாவுடையது. ஏன் என்று கேட்டேன். 'கடைசித் தோசைதான் ருசி. அதற்குள் கல் நன்றாகப் பதப்பட்டிருக்கும்' என்றார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. இவ்வளவு நாளும் நல்ல தோசையை எல்லாம் எங்களுக்குத் தந்துவிட்டு, மிக நல்லதை அம்மா மட்டும் தின்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நாள் அடம் பிடித்து அழுது அந்தத் தோசையை வாங்கித் தின்றேன். தின்று முடித்துவிட்டு, 'அம்மா, உனக்கு ருசியே தெரியவில்லை' என்று தீர்ப்பும் சொன்னேன். அம்மா சிரித்தார்கள். இந்தக் கதையை எங்கள் பிள்ளைகளிடம் சொல்லி இன்றும் சிரிப்பார்கள்.

அன்றிரவு அம்மா என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்கும் அறிவு எனக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின.

அம்மா, இன்று கல்லில் வார்க்கும் முதல் தோசை உனக்கு. கடைசித் தோசையை நான் எடுத்துக்கொள்கிறேன். நீ சொன்னதுதான் சரி. அதற்கு ருசி உண்டு."

உரை நிகழ்ந்த விதம்

எழுதிய உரைக்கும் அவையில் நிகழும் உரைக்கும் வேறுபாடு உண்டு. மகன் 'நான்கு வளையங்கள்' என்று சொன்னதும், முன்வரிசையில் இருந்த தாய் தலையை அசைத்து மூன்று விரல்களைக் காட்டினார். ஆறாம் வகுப்பில் தைத்ததை ஒன்பதாம் வகுப்பு வரை பிரித்தால் பிரித்தது மூன்று முறைதான். கணக்கு தாயிடம் சரியாக இருந்தது. மகன் உடனே, "மூன்றாம். தைத்தவர்கள் சொன்னால் அளவு தப்பாது" என்றான். அன்று மாலையிலேயே பெரிதாக எழுந்த சிரிப்பு அது. பேசப்படுபவர் இடையில் புகுந்து திருத்துவது உரை நன்றாகச் செல்வதற்கு அடையாளம். கூனிக் குறுகி அமர்ந்திருப்பவர் திருத்தமாட்டார். தலைகுனிந்து முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசித் தோசைப் பகுதியில், 'அன்றிரவு அம்மா என்ன சாப்பிட்டார்கள்' என்ற தொடருக்குப்பின் மகன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். அதற்கு விடையை அவன் சொல்லவில்லை. 'பட்டினி' என்னும் சொல் திருத்திய உரையில் ஓரிடத்திலும் இல்லை. அச்சொல்லை அவன் சொல்லியிருந்தால் அவை தாயைத் திரும்பிப் பார்த்திருக்கும். சொல்லாததால் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொண்டனர். அந்த அமைதியை நீட்டாமல் உடனே 'முதல் தோசை உனக்கு' என்று நகைக்குத் திரும்பியதும் குறிப்பிடத்தக்கது. அழுகையின் விளிம்புவரை சென்ற உரையை அங்கேயே விட்டுவிட்டால், விழாவுக்குரியவர் எல்லார் முன்னும் அழ வேண்டியவராவார்.

இவ்வகை உரைக்கு ஓர் எல்லையும் உண்டு. சில துன்பங்கள் நகைக்கு இடந்தரா. நோய், இறப்பு, வீட்டுக்குள் நேர்ந்த கொடுமை போன்றவற்றைப் பிள்ளையின் மடனால் மென்மையாக்க முயன்றால், அது துன்பத்தைச் சிறுமைப்படுத்துவதாக முடியும். அத்தகையவற்றைத் தனியே, இருவர் மட்டும் இருக்கும்போது பேசுவதே முறை. மேடை எல்லாக் கடனையும் தீர்க்கும் இடமன்று.

விருந்து முடிந்து உறவினர் விடைபெற்றபின், பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்த தாய் மகனிடம், "நன்றாகப் பேசினாய். வேறு ஏதாவது சொல்லிவிடுவாயோ என்று கொஞ்சம் பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்" என்றார். வேறு எது என்று மகன் கேட்கவில்லை, தாயும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "அந்தப் பொத்தான் இல்லாத படம் யாரிடம் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

தெரிந்து தெளிவோம்

மெய்ப்பாடுகள் எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை.

நகையின் நிலைக்களன்: எள்ளல், இளமை, பேதைமை, மடன்.
அழுகையின் நிலைக்களன்: இளிவு, இழவு, அசைவு, வறுமை.
இளிவரலின் நிலைக்களன்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை.
பெருமிதத்தின் நிலைக்களன்: கல்வி, தறுகண், புகழ், கொடை.

சொற்பொருள்

ஈகம் – தியாகம். தறுகண் – அஞ்சாமை. அயன்மை – அந்நியத் தன்மை. நிலைக்களன் – தோன்றும் இடம். இழவு – இழப்பு. அசைவு – தளர்ச்சி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் தாமே பலமுறை சொல்லிச் சிரித்த நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டறிந்து, அவரைப் படர்க்கையில் வைத்து இரண்டு நிமிட உரையாக எழுதுக. உரையை அவரிடம் காட்டும்முன் வீட்டிலுள்ள வேறொருவரிடம் படித்துக் காட்டி, அவர் நீக்கச் சொன்ன பகுதியையும் அதற்கான காரணத்தையும் குறித்து வருக.

2. 'என் தந்தை மழையில் நனைந்து வேலைக்குச் சென்றார்' என்னும் தொடரை இளிவரல் தோன்றாமல் பெருமிதம் தோன்றுமாறு மாற்றி எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியன எம்மெய்ப்பாட்டின் நிலைக்களன்கள்?
அ) அழுகை ஆ) இளிவரல் இ) அச்சம் ஈ) நகை

குறுவினா

2. மணிவிழா பெரும்பாலும் எவர் வயதைக் கணக்கிட்டு நடைபெறுகிறது?

3. 'கடைசித் தோசைதான் ருசி' என்பதை மகன் நம்பியது நகையின் எந்நிலைக்களனைச் சாரும்?

சிறுவினா

4. படிக்கட்டு நிகழ்ச்சி நீக்கப்பட்டதற்கும் சங்கிலி நிகழ்ச்சி நீக்கப்பட்டதற்கும் உள்ள காரண வேறுபாட்டை விளக்குக.

5. உரையில் படர்க்கையும் முன்னிலையும் பயன்படுத்தப்பட்டுள்ள முறையை ஆராய்க.

நெடுவினா

6. முதல் வரைவையும் திருத்திய உரையையும் ஒப்பிட்டு, தாயின் ஈகம் இளிவரலிலிருந்து பெருமிதமாக மாறிய விதத்தை எடுத்துக்காட்டுகளுடன் நிறுவுக.